பெற்றோரின் கைப்பேசிக்குப் போகும் தமிழ் வகுப்பு

சிட்னியின் மேற்குப் புறநகர்களான வென்ட்வொர்த்வில், பென்டில் ஹில், டூங்காபி பக்கம் சனிக்கிழமை போனால், ஏதாவது ஓர் அரசுப் பள்ளியின் வகுப்பறைகளில் தமிழ் ஒலிப்பதைக் கேட்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு முன் போனவர்களின் பேரப்பிள்ளைகளும், சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் கணினி வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அ, ஆ எழுதுவார்கள். ஆசிரியர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வகுப்பு.

இந்த இரண்டு மணி நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 40 வாரம் வகுப்பு நடந்தால் 80 மணி நேரத் தமிழ். அதே பிள்ளை வார நாட்களில் பள்ளியில் நாளுக்கு 6 மணி நேரம் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு 1,200 மணி நேரம். தோழர்களும் தொலைக்காட்சியும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. 80 மணி நேரத்தால் 1,200-ஐ எதிர்கொள்ள முடியாது என்பது வகுப்பு நடத்துகிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் வீட்டில் நாளுக்கு அரை மணி நேரம் தமிழில் பேச்சு நடந்தால் அதுவே ஆண்டுக்கு 180 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். வகுப்பு தருவதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். அந்த அரை மணி நேரம் ஆசிரியரின் கையில் இல்லை, பெற்றோரின் கையில் இருக்கிறது.

வகுப்பு நடத்துகிறவர்கள் பெற்றோரை வாரம் முழுவதும் சென்றடைய இருக்கும் வழி கைப்பேசி ஒன்றுதான். அதனால்தான் இன்று ஏறக்குறைய எல்லாத் தமிழ் வகுப்புக்கும் ஒரு ஃபேஸ்புக் பக்கமும், இன்ஸ்டாகிராம் கணக்கும், வாட்ஸ்அப் குழுவும் இருக்கின்றன. அவற்றில் என்ன போடுகிறார்கள் என்று பார்த்தால் பொங்கல் வாழ்த்து, ஆண்டு விழாப் படங்கள், பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளைகள், சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை. உழைத்தவர்களுக்கு நன்றி சொல்ல இவை வேண்டும்தான். ஆனால் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பிக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அவர் விருப்பக்குறி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

விருப்பக்குறி எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் கணக்கைத் தொழில்முறைக் கணக்காக மாற்றிக்கொண்டால், பின்தொடர்பவர்கள் எந்த நகரங்களில் இருக்கிறார்கள் என்று அதுவே காட்டும். சிட்னியில் நடக்கும் வகுப்பின் பட்டியலில் சென்னையும் மதுரையும் கொழும்பும் மேலே நின்றால், பக்கத்தைப் பார்ப்பவர்கள் தாத்தா பாட்டிகளும் சித்தப்பாக்களும்தான் என்று பொருள். அன்புள்ள பார்வையாளர்கள்தான், ஆனால் பிள்ளையோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் இல்லை. இதே பக்கத்தில் ஒவ்வொரு பதிவையும் எத்தனை பேர் சேமித்தார்கள், எத்தனை பேர் மற்றவருக்கு அனுப்பினார்கள் என்ற எண்ணும் தெரியும். பெற்றோர் தனக்குப் பயன்படும் ஒன்றைச் சேமித்து வைப்பார், கணவருக்கோ மனைவிக்கோ அனுப்புவார். விருப்பக்குறி குறைந்து இந்த இரண்டும் கூடினால் பக்கம் சரியான வழியில் போகிறது.

சரி, பெற்றோருக்குப் பயன்படுவது எது? அதற்கு முதலில் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். பெல்ஜியத்தில் டச்சு பேசும் பிளாண்டர்ஸ் பகுதியில், டச்சு அல்லாத மொழியும் புழங்கும் 1,899 குடும்பங்களை ஆராய்ந்து அன்னிக் டி ஹவர் என்ற மொழியியலாளர் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பெற்றோர் இருவரும் வீட்டில் தங்கள் மொழியை மட்டுமே பேசிய குடும்பங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் பிள்ளைகளும் அதைப் பேசினார்கள். ஒருவர் தம் மொழி, மற்றவர் டச்சு என்று பிரித்துக்கொண்ட வீடுகளில் அது சுமார் நான்கில் மூன்றாகக் குறைந்தது. ஒருவர் டச்சு மட்டும் பேச, மற்றவர் இரண்டையும் கலந்து பேசிய வீடுகளிலோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அந்த வீடுகளில் பெற்றோருக்குத் தங்கள் மொழி மேல் அன்பு இல்லை என்று சொல்ல முடியாது. அன்றாடப் பேச்சில் அந்த மொழிக்கு இடம் எவ்வளவு கிடைத்தது என்பதில்தான் வேறுபாடு.

இன்னும் நுணுக்கமாகப் பார்த்தவர் எலிசபெத் லான்சா. நார்வேயில் ஆங்கிலமும் நார்வீஜிய மொழியும் பேசும் வீடுகளில் குழந்தைகளின் உரையாடலை ஒலிப்பதிவு செய்து 1990-களில் எழுதினார். குழந்தை மற்ற மொழியில் பதில் சொல்லும்போது பெற்றோர் ஐந்து விதமாக நடந்துகொள்கிறார்கள் என்று அவர் வகுத்தார். ஒன்று, புரியாதது போல் “என்ன?” என்று கேட்பது. இரண்டு, குழந்தை சொன்னதை ஊகித்துத் தன் மொழியில் கேள்வியாகக் கேட்பது. மூன்று, குழந்தை சொன்னதைத் தன் மொழியில் திருப்பிச் சொல்வது. நான்கு, கவனிக்காமல் பேச்சைத் தொடர்வது. ஐந்து, தானும் குழந்தையின் மொழிக்கு மாறிவிடுவது. முதல் வழி குழந்தையைத் தன் மொழிக்கு மிக வலுவாக இழுக்கும். கீழே போகப் போக இழுப்பு குறையும். ஐந்தாவதில் வீட்டுமொழி மெல்ல விலகிவிடும்.

வெளிநாட்டுத் தமிழ் வீடுகளில் அதிகம் நடப்பது நான்கும் ஐந்தும். பிள்ளை ஆங்கிலத்தில் கேட்கும், தாய் தமிழில் பதில் சொல்வார், அப்படியே போகும். பிள்ளைக்குத் தமிழ் புரியும், ஆனால் வாயில் வராது. அவசரமான காலையில் தாயும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். முதல் வழியை எப்போதும் பயன்படுத்தினால் பிள்ளை எரிச்சலடையும், தாய்க்குப் புரிகிறது என்பதும் அதற்குத் தெரியும். ஆகவே அன்றாடத்துக்கு ஏற்றவை இரண்டாவதும் மூன்றாவதும். என் கருத்தில், ஒரு தமிழ் வகுப்பின் பக்கம் பெற்றோருக்குக் கற்றுத்தர வேண்டியது இந்த இரண்டைத்தான். வாரம் ஒரு சூழ்நிலை, அதற்கு ஒரு வாக்கியம். அதற்கு மேல் வேண்டாம்.

ஒரு வாரத்தை எடுத்துச் செய்து பார்ப்போம். நாற்பது பிள்ளைகள் படிக்கும் ஒரு சனிக்கிழமை வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். அன்றைய பாடம் “எங்கே” என்ற கேள்வி. வீட்டில் இந்தக் கேள்வி தினமும் எழும் இடம் வாசல், காலணி போடும் நேரம். பிள்ளை “அம்மா, வேர் இஸ் மை ஷூ?” என்று கேட்கும்.

சனிக்கிழமை மாலை வாட்ஸ்அப்பில் ஓர் ஒலிச்செய்தி போகிறது. 20 நொடிக்குள் இருக்க வேண்டும். ஆசிரியர் இயல்பான பேச்சுத் தமிழில் சொல்கிறார்: “இந்த வாரம் காலையில பிள்ளை ஷூ எங்கேன்னு இங்கிலீஷ்ல கேட்டா, உடனே எடுத்துக் குடுக்காதீங்க. ‘ஷூ எங்கேன்னு கேக்குறியா?’ன்னு கேளுங்க. அது ‘ஆமா, ஷூ எங்க?’ன்னு சொன்னதும் குடுங்க.” அவ்வளவுதான். கீழே அதே வாக்கியத்தைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தட்டச்சு செய்து வைக்கலாம். ஒலி ஏன் முக்கியம் என்றால், சிட்னியிலேயே பிறந்து வளர்ந்த பெற்றோர் பலருக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்கத் தெரியாது. தமிழே தெரியாத தந்தையோ தாயோ இருக்கும் வீடும் உண்டு. அவருக்கும் ஒரு வாக்கியத்தைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல முடியும்.

செவ்வாய்க்கிழமை அதே காட்சி 40 நொடிக் காணொளியாக இன்ஸ்டாகிராமில் வருகிறது. சட்டகத்தில் வாசலும், இரண்டு ஜோடிக் காலணியும், கைகளும் மட்டும். பிள்ளையின் முகம் தேவையில்லை. குரலைப் பெரியவர்களே கொடுக்கலாம். முதலில் தாய் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவதைக் காட்டி, பிறகு அதே காட்சியை ஊகக் கேள்வியோடு காட்ட வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் பெற்றோருக்குத் தன் வீடு தெரியும். திரையின் கீழே எழுத்து ஓட வேண்டும், ரயிலில் போகும்போது பலர் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள்.

வியாழக்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு வாக்கெடுப்பு. செய்து பார்த்தோம், பிள்ளை தமிழில் சொன்னது. செய்து பார்த்தோம், சொல்லவில்லை. இன்னும் செய்யவில்லை. இந்த மூன்று பதில் போதும். வாக்கெடுப்பு பெற்றோரைக் குற்றவாளியாக்கக் கூடாது என்பதால் இரண்டாவது பதில் கட்டாயம் இருக்க வேண்டும். அதைத் தேர்ந்தவர்களிடம் சனிக்கிழமை வகுப்பு வாசலில் பேசலாம். பெரும்பாலும் பிள்ளை களைத்திருந்த நேரத்தில் முயன்றிருப்பார்கள், அல்லது தாய் கேட்டும் பிள்ளை வாய் திறப்பதற்குள் தானே சொல்லி முடித்திருப்பார்கள். கேள்வி கேட்டதும் சில நொடி காத்திருக்க வேண்டும் என்பதை அடுத்த ஒலிச்செய்தியில் சேர்த்துவிடலாம்.

வெள்ளிக்கிழமை தாத்தா பாட்டிக்கு ஒரு வேலை. சிட்னியில் கோடைக்கால நேரம் ஓடும்போது சென்னையை விட ஐந்தரை மணி நேரம் முன்னே, மற்ற மாதங்களில் நாலரை மணி நேரம். அங்கே இரவு ஏழு மணிக்குப் பிள்ளை அழைத்தால் இங்கே பிற்பகல் ஒன்றரை அல்லது இரண்டரை. பாட்டி “சாப்பிட்டியா, நல்லாப் படிக்கிறியா” என்று கேட்டால் பிள்ளை “ஆமா” என்பதோடு முடித்துவிடும். இந்த வாரம் “உன் ஷூவை எங்க வச்சிருக்கே, காட்டு” என்று கேட்கச் சொல்லி, பெற்றோர் ஊருக்கு அனுப்பக்கூடிய ஒரு வரிச் செய்தியை வகுப்பே தயாரித்துக் கொடுக்கலாம். வெளியூர்ப் பார்வையாளர்களுக்கு இதுதான் சரியான இடம்.

இதில் எழும் சச்சரவு ஒன்றை முன்கூட்டியே எதிர்பார்க்கலாம். யாழ்ப்பாணத்து வீட்டில் அது சப்பாத்து, “சப்பாத்து எங்க எண்டு கேக்கிறியா?” என்றுதான் தாய் கேட்பார். சென்னை வழக்கில் மட்டும் காணொளி போட்டால், எது சரியான தமிழ் என்று கருத்துப் பகுதியில் வாக்குவாதம் தொடங்கும். பாதிப் பெற்றோர் தங்கள் பேச்சு வகுப்பில் செல்லாது என்று எடுத்துக்கொண்டு ஒதுங்குவார்கள். இரண்டு வழக்கையும் திரையில் போட்டுவிட வேண்டும், ஒலிச்செய்தியை ஒரு வாரம் ஒருவர், மறு வாரம் மற்றவர் பேச வேண்டும். வீட்டுக்கான வாக்கியத்தை எழுத்துத் தமிழில் தருவது அதைவிடப் பெரிய தவறு. “காலணி எங்கே உள்ளது என்று வினவுகிறாயா” என்று எந்தத் தாயும் கேட்க மாட்டார். எழுத்துத் தமிழை வகுப்பறை பார்த்துக்கொள்ளும்.

இனி கருவியின் பக்கம் வருவோம். எல்லாப் பெற்றோரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் போட்டால், காலை வணக்கப் படங்களும் வாடகைக்கு வீடு விளம்பரங்களும் வந்து வகுப்பின் செய்தி அடியில் போய்விடும். சிலர் குழுவின் ஒலியை அணைத்துவிடுவார்கள், பிறகு வகுப்பு ரத்து என்ற செய்திகூட அவர்களைச் சேராது. நிர்வாகிகள் மட்டுமே எழுதக்கூடிய அறிவிப்புக் குழு ஒன்று, பேச்சுக்கு வேறொன்று என்று பிரிப்பது நல்லது. ஒலிபரப்புப் பட்டியல் வழியாக அனுப்புகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போகும். “எனக்குச் செய்தியே வரல” என்று ஒரு பெற்றோர் சொன்னால் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும். இன்னும் சேராத, விசாரிக்கும் நிலையில் இருக்கும் பெற்றோருக்கு வாட்ஸ்அப் சேனல் ஏற்றது, அதில் பின்தொடர்பவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது.

யூடியூப்பில் ஒரு பொறி இருக்கிறது. காணொளியை ஏற்றும்போது அது குழந்தைகளுக்காகத் தயாரிக்கப்பட்டதா என்று கேட்கும். அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு கூகுள் 2019-இல் செய்துகொண்ட உடன்பாட்டைத் தொடர்ந்து, 2020 ஜனவரி முதல் எல்லோரும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆம் என்றால் அந்தக் காணொளிக்குக் கருத்துப் பகுதி இருக்காது, புதிய காணொளி வந்த அறிவிப்பும் போகாது. பல தமிழ் வகுப்புகள் பிள்ளைகள் சம்பந்தப்பட்டது என்பதால் எல்லாவற்றுக்கும் ஆம் போட்டுவிட்டு, பெற்றோர் ஏன் ஒன்றும் எழுதுவதில்லை என்று யோசிக்கின்றன. பிள்ளைகள் பார்க்கும் பாட்டுக்கும் கதைக்கும் ஆம் என்பதே சட்டப்படி சரி. பெற்றோரிடம் பேசும் காணொளிக்கு அது பொருந்தாது. இரண்டையும் கலந்து ஒரே காணொளியாக எடுக்காமல் இருப்பதே வழி.

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், யூடியூப் உள்ளிட்ட தளங்களில் கணக்கு வைத்திருக்க நிறுவனங்கள் அனுமதிக்கக் கூடாது. ஆகவே பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கணக்குத் தொடங்கிப் போட்டியில் கலந்துகொள்ளச் சொல்லும் பதிவுகளை வகுப்புகள் விட்டுவிட வேண்டும். பக்கத்தின் வாசகர் பெற்றோர் மட்டுமே என்று ஆகிவிட்டதால் எழுதுவதும் எளிதாகிறது.

பிள்ளைகளின் படம் பற்றி இன்னும் கறாராக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பிள்ளையின் முழுப் பெயர், சீருடையில் தெரியும் பள்ளிப் பெயர், ஒவ்வொரு சனிக்கிழமையும் எத்தனை மணிக்கு எந்த இடத்தில் இருக்கும் என்ற விவரம், இந்த மூன்றும் ஒரே பதிவில் சேர்ந்தால் அது யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்கும் முகவரி. சேர்க்கைப் படிவத்திலேயே மூன்று கட்டம் வைத்துக் கேட்டுவிடலாம்: பொதுவில் போடலாம், பெற்றோர் குழுவில் மட்டும் போடலாம், எங்கும் வேண்டாம். எதிலும் குறியிடாமல் விட்டவர்களை மூன்றாவதாகவே கொள்ள வேண்டும். விழாவில் கூட்டமாக எடுத்த படத்துக்கும் இது பொருந்தும்.

எழுத்துருச் சிக்கல் ஒன்றும் உண்டு. மூத்த ஆசிரியர்கள் பலர் இன்றும் பாமினி எழுத்துருவில் பாடம் தட்டச்சு செய்கிறார்கள். அதை அப்படியே ஃபேஸ்புக்கில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். அதைத் தவிர்க்கப் படமாக்கிப் போடுகிறார்கள். படத்தில் உள்ள எழுத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம், தமிழ் படிக்கத் தெரியாத துணைவர் மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்தவும் வழியில்லை. பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றும் இலவச வசதிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றி, எழுத்தாகவே போட வேண்டும். படம் கூட இருந்தால் இருக்கட்டும்.

புதிதாகச் சேர்ப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆஸ்திரேலியாவில் பள்ளி ஆண்டு ஜனவரி கடைசியில் அல்லது பிப்ரவரி தொடக்கத்தில் தொடங்கும். குளிர்காலக் கால்பந்துக்கு அதே வாரங்களையொட்டித்தான் பெயர் பதிவார்கள், அதற்கும் சனிக்கிழமைதான். எனவே சேர்க்கைப் பதிவு ஜனவரி நடுவிலேயே பக்கத்தின் தலையில் நிற்க வேண்டும். வயது, நேரம், எந்தப் புறநகர், கட்டணம் ஆகியவற்றோடு, தமிழில் ஒரு வார்த்தையும் பேசாத எட்டு வயதுப் பிள்ளையை எந்த வகுப்பில் போடுவீர்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். தயங்கி நிற்கும் பெற்றோரின் உண்மையான கேள்வி கடைசியாகச் சொன்னதுதான், ஐந்து வயதுக் குழந்தைகளோடு உட்கார வைத்துவிடுவார்களோ என்ற பயம். விவரங்களுக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள் என்று எழுதினால், அந்தத் தயக்கமே அவரைத் திருப்பி அனுப்பிவிடும்.

இதற்கெல்லாம் எல்லை உண்டு. காலை ஏழு மணிக்கு இருவரும் வேலைக்குக் கிளம்பி, பிள்ளை மாலை ஆறு வரை பள்ளிக்குப் பிந்தைய காப்பகத்தில் இருக்கும் வீட்டில் அரை மணி நேரமும் கிடைக்காது. அங்கே கார்ப் பயணத்துக்கான ஒரு வாக்கியம் போதும். எழுதப் படிக்கவும் இந்த முறை உதவாது, அதற்கு வகுப்பறையும் பயிற்சியும் வேண்டும். பதின்மூன்று வயதில் பிள்ளை பேச மறுக்கத் தொடங்கியபின் ஊகக் கேள்வியும் அவ்வளவாகப் பலிக்காது. ஐந்து முதல் ஒன்பது வயது வரையிலான பிள்ளைகளின் பெற்றோருக்குத்தான் இதில் அதிகப் பயன்.

பயன் இருக்கிறதா என்று அறிய நான்கு வாரம் கழித்து ஆசிரியர்கள் வகுப்பில் ஒன்றைக் கவனிக்கலாம். வீட்டுக்கு அனுப்பிய நான்கு வாக்கியங்களில் எவை பிள்ளைகளின் வாயில் கேட்காமலே வருகின்றன என்று பாருங்கள். “மிஸ், என் ஷூ எங்க?” என்று ஒரு பிள்ளை தானாகக் கேட்டால் அந்த வாரப் பதிவு வேலை செய்திருக்கிறது, அதற்கு மூன்று விருப்பக்குறி மட்டுமே விழுந்திருந்தாலும்.

வகுப்பு நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பக்கத்தின் கடைசி ஒன்பது பதிவுகளைத் திறந்து, அவற்றில் எதைப் பார்த்த ஒரு பெற்றோர் இன்று இரவு பிள்ளையிடம் ஒரு தமிழ் வாக்கியம் கூடுதலாகப் பேசியிருப்பார் என்று பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால், வரும் சனிக்கிழமை பாடம் முடிந்ததும் உங்கள் ஊர்ப் பேச்சிலேயே 20 நொடி பேசிப் பதிவு செய்து பெற்றோருக்கு அனுப்புங்கள்.